சிஷோம் புதிர்: மூன்றாவது வரியை எப்படி எழுதுவது?

வணக்கம். கடமைத் தர்க்கத்தில் 1963-இல் ரோடெரிக் சிஷோம் காட்டிய புதிரில் சிக்கி நிற்கிறேன். அண்டை வீட்டாருக்கு உதவ ஒருவன் போக வேண்டும். போவதானால், வருவதாகச் சொல்லிவிட வேண்டும். போகாவிட்டால் அப்படிச் சொல்லக் கூடாது. அவன் போகவில்லை. பேச்சில் ஒரு குழப்பமும் இல்லை. போவது p, சொல்வது q, கடமை O என்று வைத்தால்:

```
O(p)
O(p → q)
¬p → O(¬q)
¬p
```

முதலிரண்டு வரிகளிலிருந்து O(q) வருகிறது, கடைசி இரண்டிலிருந்து O(¬q). சொல்லவும் வேண்டும், சொல்லாமல் இருக்கவும் வேண்டும்! மூன்றாவதை O(¬p → ¬q) என்று மாற்றினால் மோதல் போகிறது. ஆனால் அது O(p)-இலிருந்தே தானாக வந்துவிடுவதால் தனி விதியாக நிற்பதில்லை. சரி, O(¬q | ¬p) என்று நிபந்தனைக் கடமையாக எழுதினேன். அப்புறம் ¬p தெரிந்தும் O(¬q)-ஐப் பிரித்தெடுக்க முடியவில்லை. அந்தப் பிரித்தெடுப்பை எந்தக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கலாம்? தெரிந்தவர்கள் படிப்படியாக விளக்க முடியுமா?