புதுப்பிப்பு: இன்டர்ன்ஷிப் அனுபவக் கட்டுரை ஒப்புதல் ஆயிற்று

முன்பு கேட்டது: "உசிலம்பட்டி பக்கம் பால் சேகரிப்பு நிலையத்தில் இன்டர்ன்ஷிப். கற்றதை 1000 வார்த்தையில் எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதினால் நாட்குறிப்பு மாதிரியே வருகிறது, என்ன செய்ய?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது செல்வி அக்கா சொன்னதுதான்: ஒரே ஒரு சம்பவத்தை எடு, முன்பு என்ன நினைத்தாய், எது அதை மாற்றியது, இனி என்ன செய்வாய் என்று எழுது.

எடுத்தது, பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் சம்பவம். கறந்த சூட்டோடு வந்த பாலில் அளவு 26 காட்டியது. தண்ணீர் கலந்திருக்கும் என்பது முதல் எண்ணம். மேற்பார்வையாளர் பாலை 27 டிகிரிக்கு ஆறவிட்டுப் பார்த்தார், 28 வந்தது. சூடான பாலுக்கு அடர்த்தி குறைவு, கருவி கூடுதலாக அமிழும். "பொறுமை கற்றேன்" என்ற வரியை அடித்துவிட்டு, "வெப்பநிலை பார்க்காமல் யார் பாலையும் திருப்பி அனுப்ப மாட்டேன்" என்று எழுதியதும் கட்டுரை நிமிர்ந்தது.

அனுபவத்தை ஆறு தலைப்பில் அலசும் கிப்ஸ் சுழற்சியைச் சொன்ன தம்பி பாதி சரி. ஆறு தலைப்பையும் வரிசையாக நிரப்பினால் விவரிப்பே பாதி இடத்தைத் தின்றுவிடுகிறது. அதை 200 வார்த்தையில் முடித்து, மிச்சத்தை அலசலுக்கு விட்டேன். வருகைச் சான்றிதழ் படிவம் அனுப்பிய அண்ணே, அது வேறு சமாச்சாரம். ஆனாலும் பின்னிணைப்புக்கு உதவியது.

எதிர்பாராதது: வழிகாட்டி ஆசிரியர் "நான்" என்றே எழுத வேண்டும் என்றார், துறைத்தலைவர் அந்தச் சொல்லை மற்ற எல்லா இடத்திலும் அடித்துவிட்டார். அலசல் பகுதியில் மட்டும் "நான்" தப்பியது. உங்கள் துறையில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.