நடிகர் நடிகராகவே சீரியலுக்கு வந்த அன்று நீங்கள் அங்கே இருந்தீர்களா?

மூன்றாம் வரிசை
எட்டு வருடம் ஆகிறது, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. சீரியல் கல்யாண எபிசோட். நான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்த கூட்டத்தில் ஒருத்தி. சினிமா ஹீரோ ஒருவர் அவராகவே வந்தார். கதைப்படி மணப்பெண் அவருடைய ரசிகை. மேடை ஏறியதும் பெண்ணிடம் மெதுவாக, "உங்க பேர் என்னங்க? நிஜப் பேரைக் கேக்கறேன்" என்றார். அந்தப் பெண் சொன்னாள். அப்புறம் ஷாட்டில் கதைப் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டு மொய்க் கவரைக் கொடுத்தார். அது வெறும் கவர், ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் நீட்டியது. அரை நாளில் கிளம்பிவிட்டார். ஏன் வந்தார், யார் கூப்பிட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காளையார்கோவில்காரன்
இதில் என்ன ரகசியம்? லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். எங்கள் மாமா நகைக்கடைத் திறப்புக்கு ஒரு நடிகையை அழைத்தார். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் காரே கிளம்பியது. ரிப்பனை வெட்டிவிட்டு மோதிரத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. காசில்லாமல் யாரும் வரமாட்டார்கள்.

கிளாப் அடித்தவன்
தம்பி, கடைத் திறப்பும் சீரியலும் ஒன்றல்ல. நான் ஆறு வருடம் சீரியலில் உதவி இயக்குநர். நான் இருந்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அநேகமாக விஷயம் சேனலில் ஆரம்பிக்கும். படத்தின் சாட்டிலைட் உரிமையைச் சேனல் வாங்கியிருக்கும், இல்லையென்றால் வாங்கப் பேசிக்கொண்டிருக்கும். படம் ஓடினால் அவர்களுக்கும் நல்லது. ஹீரோவுக்குத் தினமும் ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்காரும் குடும்பங்கள் வேண்டும். அவர்கள் பேட்டி பார்க்காதவர்கள், சீரியல் பார்ப்பவர்கள். ஆகவே ஹீரோவுக்குச் சம்பளம் கிடையாது. அவருடைய மேக்கப்மேன், டச்சப் பையன், டிரைவர் பேட்டாவும் கேரவன் வாடகையும் எங்கள் தயாரிப்புக் கணக்கில் ஏறும். அதற்கே மேனேஜர் முனகுவார்.

அவராகவே வருவது ஏன் என்றால், பாத்திரமாக வந்தால் நாளைக்கும் வேண்டும். எங்கே போனார் என்று கதை பதில் சொல்லியாக வேண்டும். அவராகவே வந்தால், "ஷூட்டிங் இருக்கு, கிளம்பறேன்" என்று ஒரு வரியில் அனுப்பிவிடலாம். ப்ரோமோவில் அவர் பெயரையும் போடலாம்.

வசன பேப்பர் அவர் மேனேஜரிடம் முன்கூட்டியே போகும். திரும்பி வரும்போது சிவப்பு மையில் கோடுகள் இருக்கும். வில்லி அவரைத் திட்டக் கூடாது, யாரும் காலில் விழக் கூடாது, இன்னொரு நடிகர் பெயர் வரக் கூடாது. ஒருமுறை "அண்ணன்" என்பதை அடித்து "சார்" என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது எங்களுக்கு நடந்த கூத்து. ஒரு ஹீரோ மணமேடையில் நின்று, "வர்ற வெள்ளிக்கிழமை குடும்பத்தோட தியேட்டருக்கு வந்துடுங்க" என்றார். குளோசப். அந்த எபிசோட் வியாழக்கிழமை ஒளிபரப்பு. புதன் மத்தியானம் பணப் பிரச்சினையில் படம் தள்ளிப்போனது. ஹீரோ வெளிநாட்டில் வேறு படப்பிடிப்பில் இருந்தார், போனும் எடுக்கவில்லை. காட்சியைத் தூக்கினால் எபிசோடில் நாலு நிமிடம் ஓட்டை. எடிட்டர் அந்த வரி வரும் இடத்தில் ஹீரோ முகத்தை எடுத்துவிட்டு மணப்பெண் சிரிப்பதை ஒட்டினார். குரலுக்கு ஒரு மிமிக்ரி கலைஞரை ஆட்டோவில் கூட்டிவந்து, "சீக்கிரமே தியேட்டர்ல சந்திப்போம்" என்று பேசவைத்தோம். பின்னணியில் இருந்த மேளச் சத்தத்தை அந்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. பழைய எபிசோடைப் பார்த்தால் இப்போதும் தெரியும்: அந்த ஒரு வரிக்கு மட்டும் மேளம் காணாமல் போகும், முகமும் காணாமல் போகும். அதற்குப் பிறகு தேதி வரும் வசனத்தையெல்லாம் தேதியோடு ஒன்று, தேதி இல்லாமல் ஒன்று என்று எடுத்துவைத்தோம்.

சுந்தரி மாமி
1984-இல் வந்த அன்புள்ள ரஜினிகாந்த் படத்தில் அவர் அவராகவே வந்தாரே! அதில் நோயாளிக் குழந்தையாக நடித்தது மீனாதான். தியேட்டரில் என் அம்மா அழுத அழுகையில் முந்தானை நனைந்தது. அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று அப்பா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ரஜினி நிஜமாக வந்தார் என்றால் குழந்தையின் வியாதியும் நிஜம்தானே என்றாள் அம்மா.

லாச்சப்பல் வாசி
மாமி, உங்கள் அம்மா சொன்னதுதான் இந்த வித்தையின் சூத்திரமே!

நான் பாரிசில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்கிறேன். இங்கே *தி பூர் சோ* என்றொரு பிரெஞ்சுத் தொடர், 2015-இல் தொடங்கியது. நடிகர்களின் ஏஜெண்டுகளைப் பற்றிய கதை. ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு பெரிய நடிகர் தன் சொந்தப் பெயரில் வருவார். உருவாக்கியவர்களில் ஒருவரான தொமினிக் பெனியார் நெடுங்காலம் உண்மையிலேயே ஏஜெண்டாக இருந்தவர். அப்படிப்பட்டவர் கேட்டும் முதல் சீசனுக்குப் பலர் மாட்டேன் என்றார்கள். ஊர் சிரிக்கும் என்ற பயம். செசில் தெ பிரான்ஸ் என்ற நடிகை ஒத்துக்கொண்டார். அவருடைய எபிசோடில் ஹாலிவுட் வாய்ப்பு வயதால் கைநழுவும், முகத்தைச் சரிசெய்துகொள் என்பார்கள். தன் வயதைத் தானே முன்வைத்தார். தொடர் பிடித்துப்போனதும் நிலைமை மாறியது. 2020-இல் ஹாலிவுட் நடிகை சிகோர்னி வீவரே வந்தார்.

எங்கள் குசினியில் ஒரு பிரெஞ்சுக்காரர், நடிகை இசபெல் உப்பேர் வரும் எபிசோடை மூன்று தரம் பார்த்தவர். அதில் உப்பேர் ஒரே இரவில் இரண்டு படப்பிடிப்புக்கு நடுவே ஓடுவார். "அந்த மனுசி நிசத்திலும் இப்பிடித்தான்" என்று சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? ஊரில் உலவும் பேச்சை வைத்துத்தான் கதை எழுதுகிறார்கள், அதனால் பார்ப்பவர் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறார். தம்பி கிளாப், உங்கள் சிவப்பு மை அங்கே இருந்திருந்தால் அந்தத் தொடரே இல்லை.

காளையார்கோவில்காரன்
பிரான்ஸ் கதை வேண்டாம். நம் ஊரில் ஓசியில் வந்த ஒருவரைக் காட்டுங்கள்.

கிளாப் அடித்தவன்
2022-இல் வந்த ராக்கெட்ரி படம். நம்பி நாராயணனைப் பேட்டி எடுப்பவராகத் தமிழில் சூர்யா, இந்தியில் ஷாருக் கான், இருவரும் அவரவராகவே. சம்பளம் வாங்கவில்லை என்று படத்தை இயக்கிய மாதவனே சொல்லியிருக்கிறார். அங்கே விளம்பரக் கணக்குகூட இல்லை, நட்புதான். ஆனால் வேலை இரட்டிப்பு. அதே பேட்டியை இரண்டு மொழியில், இரண்டு ஆளோடு எடுக்க வேண்டும்.

லாச்சப்பல் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சிவப்பு மையை அழிக்க உதவி இயக்குநரால் ஆகாது.

காளையார்கோவில்காரன்
சினிமாவைக் கேட்கவில்லை, சீரியலைக் கேட்டேன். வாங்கியதை யார் வெளியே சொல்வார்கள்?

ஈரோடு சரவணன்
என் தங்கை கல்யாணம் தை மாதம். மேலே சொன்ன மாதிரி சேனலில் பேசினால் ஒரு ஹீரோவை அனுப்புவார்களா? பட்ஜெட் ஐம்பதாயிரம்.

ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி
சரவணா, அது சீரியல் கல்யாணம்ப்பா.

மூன்றாம் வரிசைப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை, நீ கேட்காவிட்டாலும். அந்த மாதிரி நாளில் ஹீரோவோடு செல்ஃபி எடுக்கப் போகாதே. சங்க அட்டையைப் பையில் வை. கூட்டத்துக்கு ஆள் கூட்டிவரும் சீஃப் ஏஜெண்ட் நோட்டில் உன் பெயர் ஏறியதா என்று சாயங்காலம் பார். ஹீரோ வரும் நாளில் கூட்டத்துக்குக் கூடுதல் ஆள் எடுப்பார்கள், கணக்கில் பழைய எண்ணிக்கையே இருக்கும், விட்டுப்போன பேட்டா அடுத்த மாதமும் வராது. அவர் தாமதமாக வந்து நேரம் தாண்டினால் அப்போதே கேள். பட்டுப்புடவை சொந்தமாகக் கொண்டுபோனால் அதற்கும் தனியாகக் கேள், தயங்காதே. நான் ஒருமுறை ஒரு கிரிக்கெட் வீரர் வந்த காட்சியில் டீ கொடுத்தேன். அவ்வளவுதான் என் கதை.

மூன்றாம் வரிசை
அண்ணாச்சி, அன்று எனக்குப் பேட்டா வந்தது. புடவை என்னுடையதுதான், கேட்கத் தோன்றவில்லை.

கிளாப் சார், நீங்கள் சொன்னதும் போய் நான் இருந்த அந்த எபிசோடைத் தேடிப் பார்த்தேன். மேளம் நிற்கவில்லை. ஆனால் அவர் நிஜப் பெயரைக் கேட்ட இடத்தில் குரல் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் உதடு அசைகிறது, அதன் மேல் நாதஸ்வரம். அந்தப் பெண் பதில் சொல்வது மட்டும் தெரிகிறது.