கலைச்சொல் விவாதம்: தங்க முன்பேர விலையில் வரும் ‘காஸ்ட் ஆஃப் கேரி’

யாழினி:

வணக்கம். நிதிச்சந்தை அறிமுக நூல் ஒன்றில் முன்பேர ஒப்பந்தம் பற்றிய அத்தியாயம் என் பங்குக்கு வந்திருக்கிறது. பின்னொரு நாளில் கொடுக்கவேண்டியதற்கு இன்றே விலை பேசிவைக்கும் ஃபார்வர்டுக்கு முன்பேரம், இன்றே வாங்கும் விலையான ஸ்பாட்டுக்கு உடன்விலை என்று வைத்துக்கொண்டேன், அதில் பெரிய சிக்கல் இல்லை. மாட்டிக்கொண்டது ‘காஸ்ட் ஆஃப் கேரி’யில். தங்கத்தை இன்றைக்கே வாங்கி ஒப்பந்த நாள்வரை வைத்திருக்க ஆகும் செலவு அது, அதை உடன்விலையோடு கூட்டினால் முன்பேர விலை வந்துவிடும் என்கிறது மூலநூல். ‘சுமப்புச் செலவு’ என்று எழுதிப் பார்த்தேன், வண்டிக்கூலி மாதிரி ஒலிக்கிறது. வேறு நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?

குமரன்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ‘காப்புச் செலவு’ போதும். தங்கம் கெட்டுப்போகாது, தீனி கேட்காது. அதை வைத்திருக்க ஆகும் செலவு பெட்டக வாடகையும் காப்பீடும்தான், இரண்டுமே பாதுகாப்புக்குத்தான். சொல்லும் சின்னதாக இருக்கிறது.

சபேசன்:

குமரன் தம்பி, பெட்டக வாடகையும் காப்பீடும் அதில் உண்டு, சரிதான். ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் அவை ஓரத்தில் நிற்பவை. நான் ஒரு வங்கியின் தங்கப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன், அதனால் சொல்லைப் பிறகு பார்ப்போம், முதலில் கணக்கைப் போட்டுவிடுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, இன்றைய சந்தை விலை அல்ல.

உடன்விலை ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு 2000 டாலர். ஒப்பந்தம் 180 நாளுக்கு. டாலர் வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம். பெட்டகமும் காப்பீடும் சேர்த்து ஆண்டுக்கு அவுன்ஸுக்கு 4 டாலர், கடைசியில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

```
வட்டி      = 2000 × 0.05 × 180/360 = 50
பெட்டகம்   = 4 × 180/360           = 2
முன்பேர விலை = 2000 + 50 + 2        = 2052
```

டாலர் பணச்சந்தையில் ஆண்டுக்கு 360 நாள் என்றுதான் கணக்கு. யாழினி, நூலில் 365 போட்டிருந்தால் வட்டி 49.32 ஆகிவிடும், அவுன்ஸுக்கு 68 சென்ட் வித்தியாசம். சின்னதாகத் தெரியும், ஆனால் இந்தத் தொழிலில் சண்டையே அந்த அளவுக்குத்தான் நடக்கும்.

52 டாலரில் 50 வட்டி. ‘காப்புச் செலவு’ என்றால் அந்த 2 டாலருக்கு மட்டும் பேர் வைத்த மாதிரி ஆகிவிடும்.

2052 ஏன் என்று கேட்பவருக்கு: சந்தையில் யாராவது 2070க்கு முன்பேரம் வாங்கத் தயாராக இருக்கிறார் என்று வையுங்கள். நான் 2000 டாலர் கடன் வாங்கி, தங்கத்தை இன்றே வாங்கிப் பெட்டகத்தில் வைத்து, அவருக்கு 2070க்கு முன்பேரமாக விற்றுவிடுவேன். 180 நாள் கழித்துத் தங்கத்தைக் கொடுத்து 2070 வாங்கி, கடனுக்கு 2050, பெட்டகத்துக்கு 2 கட்டினால் 18 டாலர் மிச்சம். 100 அவுன்ஸ் என்றால் 1800. நடுவில் தங்கம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த 18 மாறாது. இதையே பத்துப் பேர் செய்யும்போது முன்பேர விலை கீழே வந்துவிடும். ஆனால் எல்லாருக்கும் 5 சதவீதத்தில் கடன் கிடைக்காது. 6 சதவீதம் கட்டுகிறவருக்கு அதே கணக்கு 2062 என்று வரும், அவருடைய 18 எட்டாகச் சுருங்கிவிடும். ஆக, சந்தை விலை எந்த அளவுக்கு நெருங்கி வரும் என்பதை மலிவாகக் கடன் கிடைக்கிற ஆள்தான் தீர்மானிக்கிறார்.

ரேவதி:

எங்கள் நிறுவனத்தில் இதற்குப் பல காலமாகச் சொல் இருக்கிறதே! நான் உதிரிபாகக் கிடங்கின் கணக்கைப் பார்க்கிறேன். ‘கையிருப்புச் செலவு’ என்போம். கிடங்கு வாடகை, காப்பீடு, முடங்கிக் கிடக்கும் பணத்துக்கான வட்டி எல்லாம் அதில் அடக்கம், கூடவே பழசாகிப் பயன்படாமல் போகும் பாகங்களின் இழப்பும் உண்டு. மேலாளர்களுக்கு அந்த வட்டியைப் புரியவைக்கத்தான் ஒவ்வொரு வருடமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சொந்தப் பணத்தில் வாங்கியதற்கு வட்டி எங்கே வந்தது என்று கேட்பார்கள்.

சபேசன்:

ரேவதி அம்மா சொல்லும் அந்தக் கேள்வி தங்கத்திலும் வரும். சொந்தப் பணமாக இருந்தாலும் 50 டாலர் உண்டு, ஏனென்றால் அந்த 2000 வேறிடத்தில் இருந்திருந்தால் அதைச் சம்பாதித்திருக்கும்.

செந்தில்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஐயா கணக்குப்படி ஆறு மாதத்தில் தங்கம் 2052க்குப் போகும் என்கிறீர்களா? என்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, இப்போது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் ‘எதிர்பார்ப்பு விலை’ என்பதே பொருத்தமான சொல்லாக இருக்குமே?

சபேசன்:

இல்லை செந்தில். ஆறு மாதம் கழித்துத் தங்கம் 1700ஆகவும் இருக்கலாம், 2400ஆகவும் இருக்கலாம். 2052 என்பது இன்றைய உடன்விலை, இன்றைய வட்டி, இன்றைய பெட்டக வாடகை மூன்றிலிருந்து மட்டும் வந்த எண். தங்கம் ஏறும் என்று உலகமே நம்பினால் இன்றைய உடன்விலைதான் முதலில் ஏறும், பின்னாலேயே முன்பேரமும் ஏறும், இடைவெளி 52 பக்கத்திலேயே இருக்கும். உங்கள் சேமிப்புக்கு இதில் பதில் கிடையாது.

யாழினி:

ஐயா, 2070க்குச் சொன்னது புரிந்தது. சந்தையில் 2030 என்று கீழே இருந்தால்? அதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நூல் நகர்ந்துவிடுகிறது. இல்லாத தங்கத்தை எப்படி விற்பது?

சபேசன்:

அங்கேதான் நூல்கள் நழுவும். ஏற்கனவே தங்கம் வைத்திருப்பவருக்கு அது சுலபம். இன்று 2000க்கு விற்று, பணத்தை வட்டிக்குப் போட்டு, 2030க்கு முன்பேரமாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். வட்டி 50, மிச்சமான பெட்டகச் செலவு 2, கூடுதலாகக் கொடுத்தது 30, ஆக லாபம் 22.

தங்கம் இல்லாதவர் அதைக் கடனாக வாங்கித்தான் விற்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, அதைத் தங்கக் குத்தகை விகிதம் என்போம். மத்திய வங்கிகள் போன்ற பெரிய இருப்புக்காரர்கள் தங்கத்தைக் குத்தகைக்கு விடுவார்கள். விகிதம் 0.3 சதவீதம் என்றால் 180 நாளுக்கு 3 டாலர். அதாவது தங்கம் சும்மா கிடக்க வேண்டியதில்லை, அதுவும் சம்பாதிக்கும். அந்த 3 டாலரை வட்டியிலிருந்து கழிக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். 50ஐயும் 2ஐயும் கூட்டி, 3ஐக் கழித்து, 2049 என்று எழுதிவிடுவார்கள். குத்தகைக்கு விட்ட தங்கம் உங்கள் பெட்டகத்தில் இல்லையே, அதற்கு எதற்குப் பெட்டகச் செலவு? ஒரே கட்டிக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வராது. பெட்டகத்தில் பூட்டிவைப்பவருக்கு 2052, குத்தகைக்கு விட முடிகிறவருக்கு 2047. பெரிய கைகள் இரண்டாவது வகை என்பதால் லண்டன் தங்கச் சந்தை விலை 2047 பக்கம்தான் சாயும்.

நடைமுறையில் யாரும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டும் இருப்பதில்லை. டாலர் வட்டியில் குத்தகை விகிதத்தைக் கழித்த ஒரே எண்ணாகத்தான் பேசுவார்கள். லண்டனில் அதை கோஃபோ என்ற பெயரில் 1989 முதல் 2015 ஜனவரி வரை தினமும் வெளியிட்டார்கள்.

குமரன்:

சரி, ‘காப்பு’ என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஐயா, ‘கையிருப்புச் செலவு’ நன்றாகத்தானே இருக்கிறது? வட்டியும் அதில் அடக்கம், ஏற்கனவே புழக்கத்திலும் இருக்கிறது.

சபேசன்:

எனக்கு அதில் ஒரே தயக்கம், ‘செலவு’. கோஃபோ சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது. 1999 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் கூடி, விற்பனைக்கு வரம்பு வைப்போம், குத்தகையையும் பெருக்க மாட்டோம் என்று வாஷிங்டனில் அறிவித்தன. முன்பே தங்கத்தைக் கடன் வாங்கி விற்றிருந்தவர்கள் திரும்ப வாங்க ஓட, குத்தகை விகிதம் டாலர் வட்டியையே தாண்டிவிட்டது. 2013 ஜூலையிலும் கோஃபோ கீழே போனது. நம் கணக்கில் குத்தகை 9 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். வட்டி 50, குத்தகை 90, முன்பேர விலை 1960. இப்போது ‘கையிருப்புச் செலவு கழித்தல் 40’ என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? செலவு எப்படிக் கழித்தலாகும் என்று அங்கேயே நின்றுவிடுவார்.

பார்த்தவுடன் இந்த நிலைமையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்பேர விலை உடன்விலைக்குக் கீழே இருந்தால், ‘பெட்டகம் மலிவாகிவிட்டது’ என்று தேடாதீர்கள். பெட்டகம் இலவசமே ஆனாலும் 2 டாலர்தான் குறையும். கையில் உள்ள தங்கத்துக்கு யாரோ அவசரப்படுகிறார்கள் என்று பொருள்.

ரேவதி:

அப்படியானால் செலவு என்ற பகுதியை விட்டுவிட்டு ‘தாங்கல்’ என்று வைக்கலாமா? நிகரத் தாங்கல் 47, நிகரத் தாங்கல் கழித்தல் 40. செலவை மட்டும் பிரித்துச் சொல்லும்போது தாங்குசெலவு. எங்கள் உதிரிபாகத்துக்கு நான் கையிருப்புச் செலவையே வைத்துக்கொள்கிறேன், அவற்றை யாரும் குத்தகைக்குக் கேட்பதில்லை.

குமரன்:

‘தாங்கல்’ என்றால் எனக்கு ஏரி நினைவுதான் வருகிறது. மனத்தாங்கல் வேறு இருக்கிறது.

யாழினி:

ஏரியும் தண்ணீரைத் தாங்குவதுதானே, எனக்கு அது உறுத்தவில்லை. மனத்தாங்கல் கொஞ்சம் உறுத்துகிறது. இப்போதைக்கு வரைவில் ‘தாங்குசெலவு’, ‘நிகரத் தாங்கல்’ இரண்டையும் போடுகிறேன், இதைவிட நல்லது வந்தால் மாற்றிக்கொள்ளலாம். கணக்கை 2052, 2047 என்று இரண்டு வகை ஆட்களுக்கும் தனித்தனியாக எழுதிவிடுகிறேன். ஐயா, இன்னொன்று: அதே அத்தியாயத்தில் கச்சா எண்ணெய்க்கு ‘கன்வீனியன்ஸ் யீல்டு’ என்று ஒன்றைக் கழிக்கிறார்கள், அதையும் ‘குத்தகை வரவு’ என்றே எழுதிவிடலாமா?

சபேசன்:

வேண்டாம். குத்தகை விகிதம் ஒருவர் இன்னொருவருக்கு உண்மையாகவே கட்டும் பணம், திரையில் பார்க்கலாம். எண்ணெயில் கழிப்பதை யாரும் யாருக்கும் கட்டுவதில்லை, ஆலை நிற்காமல் ஓடக் கையில் சரக்கு இருப்பதன் மதிப்பு அது, முன்பேர விலையிலிருந்து பின்னோக்கித்தான் கணக்கிட முடியும். அதற்கு ஒரு தனி இழை தொடங்குங்கள், எண்ணெய்க்காரர்கள் யாராவது வரட்டும்.