ஆடிக்காற்றில் எந்தப் பந்து?

கேள்வி: பாளையங்கோட்டையில் திறந்தவெளி சிமெண்ட் தளத்தில் பிக்கிள்பால் ஆடுகிறோம். ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. 26 துளை உள்ளரங்கப் பந்து வாங்கலாமா? பெரிய துளை வழியே காற்று போய்விடும் என்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை வாசி: சொன்னவன் நான்தான். துளை பெரிது, காற்று ஊடே போய்விடும். வாங்குங்கள்.

ஜங்ஷன் ஆட்டக்காரர்: இதைச் சொல்லியே எத்தனை பேரைக் கெடுப்பீர்கள் அண்ணாச்சி? பந்து ஜன்னல் இல்லை. பெரிய துளையின் விளிம்புகளில் காற்று சுழன்று பந்தைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் அரங்குக்குள் அது மெதுவாகப் போகிறது. எடையும் பெரும்பாலும் குறைவு. போன ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது இதையும் 40 துளை வெளிப்பந்தையும் தூக்கி அடித்துப் பார்த்தோம். எதிர்க்காற்றில் 26 துளைப் பந்து வலையைத் தாண்டவில்லை. காற்றோடு அடித்தால் பின்கோட்டுக்கு வெளியே போனது. 40 துளைப் பந்தும் விலகியது, ஆனால் ஆடும் அளவுக்குத்தான்.

வண்ணாரப்பேட்டை வாசி: நீர் அடித்தால் எந்தப் பந்தும் வெளியேதான் போகும். துளை பெரிதா இல்லையா, அதைச் சொல்லும்.

தென்காசி டீச்சர்: நான் மொட்டைமாடிச் சுவரில் பழகுகிறேன். 40 துளைப் பந்து ஒரே மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது. மட்டமான சரக்கா?

ஜங்ஷன் ஆட்டக்காரர்: இல்லை டீச்சர். கெட்டிப் பிளாஸ்டிக் அப்படித்தான், துளைக்கும் துளைக்கும் நடுவே கீறல் விடும். ஓசை மந்தமாகிவிட்டால் விளக்கொளியில் சுற்றிப் பாருங்கள். 26 துளை மெத்துப் பந்து அவ்வளவு எளிதில் கீறல் விடாது, தளர்ந்துதான் போகும். சொரசொரப்பான சிமெண்டில் அதற்கு ஆயுள் இன்னும் குறைவு.

மேலப்பாளையம் தம்பி: வெளிப்பந்து ரொம்ப எகிறுமே?

ஜங்ஷன் ஆட்டக்காரர்: விதியில் எல்லாப் பந்துக்கும் ஒரே அளவுதான் தம்பி. 78 அங்குல உயரத்திலிருந்து கருங்கல் பரப்பில் போட்டால் 30 முதல் 34 அங்குலம் எழ வேண்டும். துளையும் 26 முதல் 40 வரை இருக்கலாம். வித்தியாசம் வேகத்தில். கெட்டிப் பந்து மட்டையை விட்டுச் சட்டென்று கிளம்பும், தரையில் பட்டதும் வழுக்கிக்கொண்டு வரும். மெத்துப் பந்து மட்டையில் கொஞ்சம் தங்கும், அதனால் வலையோரம் மெல்லத் தட்டி ஆட வசதி.

தென்காசி டீச்சர்: நண்பகல் வெயிலில் கெட்டிப் பந்தும் மெத்தென்று ஆகிறதே?

ஜங்ஷன் ஆட்டக்காரர்: ஆகும். உருண்டை வடிவமும் கெடும். சுழற்றிவிட்டால் தள்ளாட்டம் தெரியும். ஆடாத நேரம் நிழலில் வையுங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசி: பொங்கல் போட்டியில் எங்களிடம் தோற்றவர் எங்களுக்கே பாடம் எடுக்கிறார்.

ஜங்ஷன் ஆட்டக்காரர்: அன்று நடுவர் உங்கள் மச்சான். 11க்கு 9, அதுவும் கோட்டில் பட்ட பந்தை வெளியே என்று சொல்லி.

வண்ணாரப்பேட்டை வாசி: வெளியேதான் விழுந்தது. துளை பெரிது, காற்று போய்விடும். நான் அதில்தான் ஆடுவேன்.

ஜங்ஷன் ஆட்டக்காரர்: ஞாயிறு மாலை 5 மணிக்கு வாரும். இரண்டு பந்தும் நான் கொண்டுவருகிறேன். நடுவர் வேறு ஆள்.