புதுப்பிப்பு: அட்டைப்பெட்டி சப்ளையருக்கு முடிவு மெயில் அனுப்பியாச்சு

நான் கேட்டிருந்தது: "400 பெட்டிக்குக் கூடுதலாகப் போட்ட பில்லைச் சப்ளையர் திருத்திவிட்டார். உறவு கெடாமல், இனி இந்த விலைதான் என்று எப்படி எழுதுவது?"

எல்லோருக்கும் நன்றி. கிரெடிட் நோட் வந்தபின் போனில் பேசினாலே போதும் என்றார் ஒருவர். பழைய 400 பெட்டிக்கு அது சரி, அடுத்த பில்லுக்கு உதவாது. நுகர்வோர் நீதிமன்றம் போகச் சொன்னவருக்கு: சண்டை முடிந்துவிட்டது ஐயா!

கைகொடுத்தது கொள்முதல் துறை அக்கா சொன்ன வழி: நன்றி முதலில், பழைய தவறைப் பற்றி ஒரே வரி, அப்புறம் விதிமுறை, கடைசியில் 'சரி' என்று பதில் கேட்பது. இப்படி எழுதினேன்:

"அண்ணா, 600 ரூபாய் கிரெடிட் நோட் கிடைத்தது, கணக்கு நேராகிவிட்டது. உடனே கவனித்ததற்கு நன்றி. இனி பெட்டி 18 ரூபாய், மார்ச் 31 வரை. விலை மாறினால் ஆர்டருக்கு 15 நாள் முன்பே மெயில். எண்ணிக்கை குறைந்தால் மூன்று நாளில் சொல்கிறோம். சரியென்றால் ஒரு வரி பதில் போடுங்கள்."

மறுநாளே 'சரி' வந்தது. கூடவே, "இறக்குக்கூலி யாருடையது?" என்றும் கேட்டிருந்தார். அதை நான் எழுதவே இல்லை; இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.