கவிதையில் வேண்டுமென்றே விடும் வெற்றிடம்: கலைச்சொல் தேவை

ந. எழுதியது:
வணக்கம். கவிதைப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தயக்கத்தையோ மௌனத்தையோ காட்டக் கவிஞர் பக்கத்தில் விடும் வெற்றிடத்துக்கு ஒரு சொல் வேண்டும். 'இடைவெளி' போதவில்லை. எந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருப்பதும் இடைவெளிதானே. நானே எழுதிய எடுத்துக்காட்டு:

```
வருவேன் என்று
              சொல்லவில்லை
```

ஒரே வரியில் இது வெறும் தகவல். உடைத்தால், சொன்னாரா இல்லையா என்பது வினை வரும்வரை தொங்குகிறது. தமிழில் மறுப்பு கடைசியில் வினையோடு வருவதால், தயக்கமும் அதற்கு முன்னால்தான் விழ வேண்டும். 'வருவேன்' என்றதுமே உடைத்தால் வாக்குக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

செ. எழுதியது:
நம்மிடம் சித்திரகவி இருக்கிறதே! நாகபந்தம், இரதபந்தம் போல 'வெளிபந்தம்' என்று வைக்கலாம்.

கு. எழுதியது:
செ. ஐயா, பந்தங்களில் வடிவம் உண்டு, சரி. ஆனால் அங்கே கட்டமெல்லாம் எழுத்தால் நிரம்பியிருக்கும், காலியிடம் எதையும் சொல்லாது. ஓலைச்சுவடியிலோ அடி பிரிக்காமல் தொடர்ந்து எழுதினார்கள். நிறுத்தம் கண்ணில் இல்லை, யாப்பில் இருந்தது. 'அஉ அறியா' என்பதில் முதல் அகரம் அடுத்த எழுத்தோடு சேராமல் விட்டிசைப்பதால் தனிக்குறிலே நேரசை ஆகிறது. அசைக் கணக்கையே மாற்றும் நிறுத்தம் அது! ஆகவே 'விட்டிசை' என்பேன்.

ப. எழுதியது:
மாணவர்கள் அதை இசைப்பாடம் என்றுதான் நினைப்பார்கள் ஐயா. 'மௌனவெளி' என்றால் யாருக்கும் புரியும்.

கு. எழுதியது:
மௌனம் வடசொல், அம்மா.

ந. எழுதியது:
வடசொல் என்பதற்காக இல்லை, பொருள் குறுகுகிறது என்பதுதான் என் தயக்கம். வரிக்குள் விடும் வெற்றிடம் பெரும்பாலும் தடுமாற்றம். பத்திகளுக்கு நடுவே மூன்று வரி விட்டால் காலமோ தூரமோ கடந்துவிட்டது. எல்லாமே மௌனம் இல்லை.

வே. எழுதியது:
என் கவிதைகளை இணையத்தில் போட்டால் வெற்றிடமே காணாமல் போகிறது. இதற்கு என்ன செய்வது?

ப. எழுதியது:
வே. தம்பி, உலாவி அடுத்தடுத்த வெற்றிடங்களை ஒன்றாகச் சுருக்கிவிடும். `white-space: pre-wrap` கொடுங்கள். குறுகிய திரையில் நீண்ட வரி மடங்கும், அதைத் தடுக்காது. அச்சிலும் தொல்லை உண்டு. பத்திமுடிவு பக்கத்தின் அடியில் விழுந்தால், அங்கே விட்ட வெற்றுவரி வாசகருக்குத் தெரியாது. ந. அம்மா, மெய்ப்பில் அதைப் பாருங்கள். ஒரு வரியையாவது அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால், வெற்றுவரி பத்திகளுக்கு நடுவிலேயே நிற்கும்.

செ. எழுதியது:
அப்படியானால் 'விடுவெளி'? வினைத்தொகை. விட்ட, விடுகிற, விடும் என மூன்று காலமும் அடங்கும்.

ப. எழுதியது:
எனக்குச் சம்மதம். ஒருவர் விட்டது என்பதும் தெரிகிறது.

ந. எழுதியது:
நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும், 'விடுவெளி' என்றே போடுகிறேன்.

கு. எழுதியது:
போடுங்கள். ஆனால் விடுவெளி இடத்தை மட்டுமே சொல்கிறது, குரல் நின்றதைச் சொல்லவில்லை. அடிக்குறிப்பிலாவது விட்டிசை வரட்டும்.