y = 2-ஐ வெட்டிக்கொண்டு போனால் அது தொலைத்தொடுகோடு ஆகுமா?

கவின்_12பி: f(x) = (2x² + 3x + 1)/(x² + 1). தொகுதி, பகுதி இரண்டிலும் படி 2, அதனால் முதல் கெழுக்களை வகுத்து y = 2 என்று போட்டேன். ஆனால் x = 0 போட்டால் 1 வருகிறது, x = 1 போட்டால் 3. நடுவில் 2-ஐத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? தொலைத்தொடுகோட்டை வளைவரை வெட்டலாமா?

ரேவதி_கணக்கு: வெட்டக் கூடாது. பக்கத்தில் போகும், தொடாது, அதனால்தான் அந்தப் பெயரே. உன் கூட்டலைச் சரிபார்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்: கூட்டல் சரிதான் ரேவதி. நீங்கள் சொல்வது செங்குத்துக் கோட்டுக்குப் பொருந்தும், அங்கே பகுதி பூச்சியமாகி சார்புக்கு மதிப்பே இருக்காது. கிடைமட்டக் கோடு இரண்டு ஓரங்களில் என்ன நடக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், நடுவில் வளைவரை எப்படி ஆடினாலும் அதற்குக் கவலையில்லை. தம்பி, வகுத்துப் பார்:

f(x) = 2 + (3x − 1)/(x² + 1)

மீதி 3x − 1. அது பூச்சியமாகும் x = 1/3-இல் சரியாக ஒரு முறை வெட்டுகிறது. அப்புறம் x = 1.39 பக்கம் கிட்டத்தட்ட 3.08 வரை ஏறிவிட்டு இறங்குகிறது: 10-இல் 2.29, 100-இல் 2.03. இடப்பக்கம் −100-இல் 1.97, அதாவது கீழேயிருந்து நெருங்குகிறது. மீதியின் படி எப்போதும் பகுதியின் படியைவிடக் குறைவு என்பதால் அந்தத் துண்டு ஓரங்களில் கரைந்துவிடும், படியை ஒப்பிடும் விதி நிற்பது இதன் மேல்தான்.

சிவா_மெக்: இந்த விதியை நம்பி எனக்கு மார்க் போச்சு சார். 3x/√(x² + 1), மேலே படி 1, கீழேயும் 1 மாதிரிதான், y = 3 என்று எழுதினேன். −3-உம் உண்டு என்று அடித்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்: அது விகிதமுறு சார்பே இல்லையே! √(x²) என்பது |x|, x குறையெண் ஆனால் குறி மாறிவிடும். பல்லுறுப்புக்கோவையைப் பல்லுறுப்புக்கோவையால் வகுத்தால் கிடைமட்டக் கோடு இருந்தால் ஒன்றுதான், இரண்டு பக்கமும் அதே கோடு.

கவின்_12பி: அப்போ தொகுதியின் படி 3 ஆக இருந்தால்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்: ஈவில் x வந்துவிடும், கிடைமட்டக் கோடு கிடையாது. ஒன்று மட்டும் கூடியிருப்பதால் சாய்ந்த கோடு கிடைக்கும்.

ரேவதி_கணக்கு: சரி, வெட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். (2x² + 2)/(x² + 1) எடுத்தால் மீதி 0, வளைவரையே y = 2 தான். அது தனக்குத்தானே தொலைத்தொடுகோடா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்: எல்லையை வைத்துப் பார்த்தால் ஆமாம்.

ரேவதி_கணக்கு: எல்லை 2 என்பதில் சண்டையில்லை சார். நெருங்க எதுவுமே இல்லாத இடத்தில் அந்தப் பெயரைக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.